மாவுக்கட்டுக் காலோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூர்

கேள்வி: அம்மான் மகள் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர் வந்தோம். செவ்வாய்க்கிழமை வளவில் தண்ணீர் கிடந்த ஆத்தங்குடிக் கல்லில் ஆத்தா வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடது கணுக்காலில் எலும்பு முறிவு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டார்கள். வயது 62. வெள்ளிக்கிழமை காலை திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு டிக்கெட். போகலாமா? எந்த சீட் எடுப்பது? ஏர்லைனில் சொன்னால் ஏற்ற மாட்டேன் என்பார்களா?

பதில்:

போகலாம். ஆனால் வியாழக்கிழமைக்குள் அந்தக் கட்டை ஒரு முறை டாக்டரிடம் காட்டி, காலைச் சுற்றிலும் கெட்டியாக இருக்கிற முழுக்கட்டாக இருந்தால் நீளவாக்கில் வெட்டிக் கீறிவிட வேண்டும். ஏர்லைனுக்கு இன்றைக்கே போன் போட வேண்டும். இந்த இரண்டும் முடியாது என்றால் டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப் போடுவதுதான் புத்தி.

நான் காரைக்குடிப் பக்கம் எலும்பு முறிவு பார்க்கிற டாக்டர். நம் ஊர்க் கல்யாண சீசனில் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த இடத்தில் விழுந்து எழுந்து, ‘டாக்டர், ஏர்லைன் ஃபாரத்தில் ஒரு கையெழுத்து’ என்று வருகிறவர்கள் வருஷத்துக்குச் சிலராவது உண்டு. எல்லாரும் முதலில் கேட்பது, ‘நாலு மணி நேரம்தானே டாக்டர்?’ என்று. அங்கேதான் கணக்கு தப்புகிறது.

கணக்கை இப்படிப் போடுங்கள். பள்ளத்தூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டும். பறப்பது நாலு மணி நேரத்துக்கும் மேல். சாங்கியில் இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, டாக்ஸி பிடித்து வீடு சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆகப் பத்தரை மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கால் கீழே தொங்கப் போகிறது. எலும்பு முறிந்த காலுக்கு விமானத்தைவிடப் பெரிய எதிரி இந்தத் தொங்கல்தான்.

உடைந்த இடத்தில் இரத்தமும் நீரும் கசிந்து வீங்கும். இந்த வீக்கம் முதல் நாளில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து உச்சத்துக்குப் போகும். உங்கள் கணக்கில் அது வியாழன், வெள்ளி. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் நீர் வடியும். தொங்கவிட்டால் அத்தனையும் கணுக்காலில் வந்து நிற்கும். கட்டு இல்லாத கால் என்றால் தோல் விரிந்து கொடுக்கும். மாவுக்கட்டு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் தசைக்குப் போகிற சின்ன இரத்தக் குழாய்களை நெரித்துவிடும். சில மணி நேரம் அப்படியே கிடந்தால் தசை செத்துப்போகும். அப்புறம் அதை மீட்க முடியாது.

இதற்கு மேல் விமானம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். ஏறத்தாழக் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த உயரத்தில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. மாவுக்கும் பஞ்சுக்கும் இடையில் சிக்கிய காற்றும் விரியும் என்பதால்தான், கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாமல் நீண்ட விமானத்தில் ஏற்றுவதில்லை, அதற்குள் போயே ஆக வேண்டுமென்றால் கட்டைக் கீறியிருக்க வேண்டும் என்று விமான மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு 24 மணி நேரம் போதும் என்பார்கள். உங்களுக்கு 48 மணி நேரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முடிகிறது. விதிப்படி வெள்ளிக்கிழமை காலை சரிதான். ஆனாலும் வீக்கத்துக்கு விதி தெரியாது. அதனால் 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் முதல் வாரத்தில் போகிற முழுக்கட்டை நான் கீறித்தான் அனுப்புகிறேன்.

உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முழுக்கட்டா, பாதிக்கட்டா? கட்டின் மேல் விரலால் தட்டிப் பாருங்கள். சுற்றிலும் கல் மாதிரி இருந்தால் முழுக்கட்டு. பின்னங்காலிலும் பாதத்துக்கு அடியிலும் மட்டும் கெட்டியாக, முன்பக்கம் துணிச்சுற்றாக மெத்தென்று இருந்தால் அது ஸ்லாப், அதாவது பாதிக்கட்டு. புதிதாக உடைந்த கணுக்காலுக்கு நம் பக்கம் பெரும்பாலும் முதலில் ஸ்லாப்தான் போடுவோம். ஸ்லாப் என்றால் உங்களுக்குப் பாதிக் கவலை போயிற்று. வீங்கினால் மேலே சுற்றிய துணியை அவிழ்த்துத் தளர்த்திச் சுற்றினால் போதும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலேயே ஒரு முறை அவிழ்த்துச் சுற்றச் சொல்லி, எப்படிச் சுற்றுவது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிரேப் பேண்டேஜ் கைப்பையில் இருக்கட்டும்.

முழுக்கட்டு என்றால், போட்ட இடத்திலேயே மிஷின் வைத்து மேலிருந்து கீழே வரை நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெட்டி அகட்டிவிடலாம், இரண்டு பக்கமும் வெட்டி மூடி மாதிரி ஆக்கலாம். அது டாக்டர் முடிவு. எப்படி வெட்டினாலும் உள்ளே இருக்கிற பஞ்சையும் தோல் தெரிகிற வரை வெட்ட வேண்டும். பல இடங்களில் மாவை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இரத்தமோ தண்ணீரோ பட்டுக் காய்ந்த பஞ்சு, இறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி நிற்கும். வெட்டின பிறகு மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டால் எலும்பு நகராது. சிங்கப்பூர் போனதும் வீக்கம் வற்றிய பிறகு புதுக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இதைத் தரையிலேயே செய்துவிட வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம், மேலே போனால் யாரிடமும் வெட்டுகிற மிஷின் இருக்காது. பெரிய கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

தேவகோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், சில வருஷம் முன்னால், கட்டுப் போட்டு முப்பது மணி நேரத்தில் கோலாலம்பூர் விமானம் ஏறிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். ‘வேட்டி கட்டிக்கொண்டு போகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது’ என்றார். வேட்டி மறைத்துவிட்டது, கவுண்டரில் யாரும் கேட்கவில்லை. பாதி வழியில் கால் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்து, விரலை யாராவது தொட்டாலே கத்துகிற நிலைக்குப் போய், இறங்கின கையோடு ஆம்புலன்ஸில் கொண்டுபோய்க் கட்டை வெட்டினார்கள். அவர் மகன் போனில் அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணுக்காலைச் சுற்றிக் கோலிக்குண்டு அளவில் நீர்க் கொப்புளங்கள். நல்ல வேளை, தசை தப்பியது. கொப்புளம் ஆறுகிற வரை ஆபரேஷன் செய்ய முடியாமல் இரண்டு வாரம் போனது.

அந்த நிலை வருவதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? கல்யாண வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. சாதாரணமாகக் கால் நகத்தை அழுத்தி விடச் சொல்வோம். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மருதாணி வைத்த நகத்தில் அது தெரியாது. அதனால் விரலின் அடிச்சதையை அழுத்திப் பாருங்கள். நெயில் பாலிஷ் என்றால் துடைத்துவிடுங்கள். மெட்டி போட்டிருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வீங்கின விரலில் மெட்டி இறங்காது, அப்புறம் அதை வெட்டத்தான் வேண்டும். அடிபட்ட ஆச்சி கழற்ற மாட்டேன் என்றால் வலது காலில் மட்டும் இருக்கட்டும்.

நிறத்தைவிட முக்கியமானது வலி. போட்ட மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை நீங்கள் மெதுவாக மேல் பக்கம் நிமிர்த்தும்போது ஆடுசதையில் சுரீரென்று இழுக்கிற வலி, விரலில் மரப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஸ்லாப் என்றால் துணியை அப்போதே அவிழ்த்துவிடுங்கள், கீறின கட்டு என்றால் மேல்சுற்றை அவிழ்த்து அகட்டிவிடுங்கள். பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். தசை நெரிபடும்போதும் விரல் நிறம் கடைசி வரை நன்றாகவே இருக்கும்.

புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டின காலுக்கும் வீக்கத்தில் இதே ஆபத்துதான். தவிர, ஏர்லைன் ஃபாரத்தில் பதிவு பெற்ற டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நான் பார்க்காத கட்டுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இனி சீட். முதலில் எடுக்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அவசர வழிக் கதவு வரிசையில் காலை நீட்டலாமே என்று காசு கட்டி எடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் கதவைத் திறக்க முடிகிறவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். கட்டுக் காலோடு போனால் எழுப்பிவிடுவார்கள். முதல் வரிசை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடித்தம் இல்லை. முன்னால் சுவர் இருக்கும், கால் வைக்க இடம் இருக்கும், கதவும் பக்கம். ஆனால் பல விமானங்களில் அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி மேலே தூக்க வராது. கைப்பிடி தூக்காவிட்டால் காலைப் பக்கத்து சீட்டில் நீட்ட முடியாது. நமக்கு வேண்டியது நீட்டுகிற இடத்தைவிடத் தூக்கி வைக்கிற இடம்.

திருச்சி–சிங்கப்பூர் பாதையில் ஓடுகிற சின்ன விமானங்களில் நடுவில் ஒரே ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று சீட். கணுக்கால் கட்டுக்கு முழங்கால் மடங்கும் என்பதால் சாதாரண சீட்டிலேயே உட்காரலாம். நான் சொல்வது, முன்பக்கத்தில் ஏதாவது ஒரு வரிசையில் ஜன்னல் சீட் ஆச்சிக்கு, நடு சீட் உங்களுக்கு. முடிந்தால் மூன்றாவது சீட்டும் உங்கள் ஆளுக்கே, அல்லது காலியாக. கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஆச்சி நேராக, பெல்ட் போட்டு, கால் கீழே வைத்து உட்கார வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நடுக் கைப்பிடியைத் தூக்கி, ஆச்சி ஜன்னல் பக்கம் தலையணை வைத்துச் சாய்ந்து, இடது காலை உங்கள் மடிமேல் தலையணை போட்டு நீட்டிக்கொள்ளட்டும். இடுப்பு பெல்ட் தளர்வாக அப்படியே இருக்கட்டும். மூன்றாவது சீட் காலி என்றால் நீங்கள் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, நடு சீட்டில் பையை வைத்து அதன் மேல் காலை வைக்கலாம். நெஞ்சு மட்டத்துக்கு வராது, இடுப்பு மட்டத்துக்குத்தான் வரும். தொங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

நடைபாதை ஓரம் ஏன் வேண்டாம் என்றால், அந்தச் சாப்பாட்டு வண்டி. இடது கால் அடிபட்டவர் நடைபாதைக்கு வலது பக்கம் உள்ள ஓர சீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கால் பாதைப் பக்கமே வரும், நன்றாக நீட்டலாம் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். நீட்டலாம்தான். வண்டி ஒரு இடி இடித்தால் தெரியும். தனியாகப் போகிறவர், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியவர் என்றால் வேறு வழியில்லை, ஓரம்தான். அப்போதும் அடிபட்ட கால் உள்பக்கம் வருகிற மாதிரி எடுங்கள்: இடது காலுக்கு C, வலது காலுக்கு D. ஓர சீட்டின் வெளிப்பக்கக் கைப்பிடியும் பெரும்பாலான விமானங்களில் தூக்க வரும்; கீல் பக்கம் அடியில் ஒரு சின்ன விசை இருக்கும், பணியாளர்களுக்குத் தெரியும். வீல்சேரிலிருந்து சீட்டுக்கு நகர அது பெரிய உதவி.

கட்டு முழங்காலுக்கு மேலே போயிருந்தால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. முழங்கால் மடங்காது, காலை நடைபாதையில் நீட்டவும் விடமாட்டார்கள். கூடுதல் சீட் வாங்கச் சொல்வார்கள், அல்லது பிஸினஸ் வகுப்பு. கைக்கட்டு என்றால் சுலபம். அடிபட்ட கை ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்து, மோதிரத்தையும் வளையலையும் முதல் நாளே கழற்றிவிட்டால் போதும். காற்று ஊதி மாட்டுகிற பூட் போட்டவர்கள் விமானம் கிளம்புவதற்கு முன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

ஏர்லைனுக்குச் சொன்னால் ஏற்ற மாட்டார்களோ என்ற பயம் தலைகீழானது. சொல்லாமல் போனால்தான் கவுண்டரில் நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் ஃபாரத்துக்கு டாக்டரைத் தேட முடியாது. உதவி வேண்டுகிறவர்கள் 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உங்களுக்கு இப்போதே நேரம் நெருக்கிக்கொண்டிருக்கிறது. டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் நேரடியாக ஏர்லைனுக்கே போன் பண்ணுங்கள். இடது கால், முழங்காலுக்குக் கீழ், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்ட கட்டு, ஆபரேஷன் இல்லை, முழுக்கட்டாக இருந்தால் வியாழக்கிழமை கீறிவிடுவோம், நேராக உட்கார முடியும், முழங்கால் மடங்கும், கூட மகள் வருகிறாள் என்று இதே வரிசையில் சொன்னால் அவர்கள் கேட்க வேறொன்றும் இருக்காது.

அவர்கள் MEDIF என்று தலைப்பிட்ட ஃபாரம் அனுப்புவார்கள். ஒரு பகுதி நீங்கள் நிரப்புவது, இன்னொன்று டாக்டர். வியாழக்கிழமை கட்டுப் பார்க்கப் போகும்போதே பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டு கீறப்பட்டதை டாக்டர் எழுத்தில் எழுத வேண்டும். ‘பயணத்துக்குத் தகுதி’ என்ற ஒரு வரி மட்டும் போதாது. எக்ஸ்ரே படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

போனை வைப்பதற்கு முன், புக்கிங்கில் என்ன குறியீடு போட்டார்கள் என்று கேளுங்கள். இடது காலில் கட்டு என்பதற்கு LEGL, வலது என்றால் LEGR. வீல்சேருக்கு மூன்று வகை உண்டு. WCHR என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். WCHS என்றால் படி ஏற மாட்டார். WCHC என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். வீல்சேர் என்று மட்டும் சொன்னால் பழக்கத்தில் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். விமானம் தள்ளி நின்று ஏணிப்படி வைத்த அன்றைக்கு ஆச்சி படி அடியில் நிற்பார்கள். வீல்சேரோடு மேலே தூக்குகிற வண்டி வராது. ஒற்றைக் காலில் சீட் வரை தத்திப் போக முடியுமென்றால் WCHS, அதுவும் முடியாதென்றால் WCHC. வாக்கரும் ஊன்றுகோலும் கொண்டுபோகலாம், கிளம்பும்போதும் இறங்கும்போதும் மேலே வைத்துவிடுவார்கள்.

கடைசியாக இரத்தக் கட்டி. கட்டுக்குள் ஏறுகிற அழுத்தத்திலிருந்து இது வேறு ஆபத்து, பயணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கட்டுக்குள் ஆடுசதை அசையாமல் கிடந்தால் உள் நாளத்தில் இரத்தம் உறையலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் அந்த ஆபத்து கூடும். 62 வயது, கட்டுக் கால், நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்று சேர்ந்து வருவதால், வயிற்றில் போடுகிற ஹெப்பாரின் வகை ஊசி வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டே தீர வேண்டும். முன்னால் கட்டி வந்ததுண்டா, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்களா, ஹார்மோன் மாத்திரை உண்டா என்று அவர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். பாத்ரூம் போகப் பயந்து ஆச்சி தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அதைக் கவனியுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு கால் விரல்களையும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து சில வாரம் வரை, திடீரென்று மூச்சு வாங்கினாலோ மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

காரில் பின் சீட் முழுக்க ஆச்சிக்கு விட்டுவிடுங்கள். கதவில் சாய்ந்து காலை இரண்டு தலையணை மேல் நீட்டட்டும். திருச்சியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வீல்சேர் முன்னால் கைப்பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் கால். வியாழக்கிழமை சாயங்காலம் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது தோலில் கொப்புளம் தெரிந்தால், அல்லது வலி மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமை டிக்கெட்டை அப்போதே ரத்து செய்துவிடுங்கள். ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சரி.